பார்வைக் காரணி மைனஸில் வந்தால்: மூலையைத் தொடாத ஹீட்டரும் தகடும்

ஒரு தம்பி கணக்குத்தாள் ஒன்றை அனுப்பி, "அண்ணே, எங்கே தப்புன்னு தெரியல, வியூ ஃபாக்டர் −0.02 வருது" என்றார். பார்வைக் காரணி என்பது ஒரு பரப்பிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சில் எத்தனை பங்கு இன்னொரு பரப்பின் மேல் நேராக விழுகிறது என்ற பின்னம், அவ்வளவுதான். நூற்றில் மைனஸ் இரண்டு பங்கு போய் விழுந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் வரைபடத்தைப் பார்த்து எடுத்த நான்கு எண்களும் சரியாகவே இருந்தன, கழித்ததிலும் பிழை இல்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது. அதைத் திருத்திய பிறகும் விடை 22 சதவீதம் குறைவாகவே வந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. அதனால் முழுதாகவே எழுதி வைக்கிறேன்.

முதலில் அமைப்பு. ஒரு சூடேற்றும் அறை. அதன் ஒரு சுவரும் தரையும் செங்குத்தாகச் சந்திக்கின்றன, அந்த மூலைக்கோட்டின் நீளம் 2 மீட்டர். சுவரில் தரையிலிருந்து 0.6 மீட்டர் உயரம் வரை வெறும் காப்புச் செங்கல், அதற்கு மேல் 0.6 முதல் 1.2 மீட்டர் வரை ஹீட்டர் பலகை, முழு 2 மீட்டர் அகலத்துக்கும். தரையில் மூலையிலிருந்து 0.8 மீட்டர் தூரம் காலி இடம், அதைத் தாண்டி 0.8 முதல் 2.0 மீட்டர் வரை சூடாக வேண்டிய தகடு, அதுவும் முழு அகலத்துக்கு. ஹீட்டர் 800 K, தகடு தொடக்கத்தில் 300 K. ஹீட்டரிலிருந்து தகட்டுக்கு நேரடியாக எத்தனை வாட் போகிறது என்பதுதான் கேள்வி.

பெயர் வைத்துக்கொள்வோம். தகடு 1, அதற்கும் மூலைக்கும் நடுவே உள்ள காலித் தரை 2, சுவரின் கீழ்ப்பட்டை 3, ஹீட்டர் 4. இரண்டைச் சேர்த்துப் பேசும்போது 12 என்றால் முழுத் தரை, 34 என்றால் கீழ்ப்பட்டையும் ஹீட்டரும் சேர்ந்த சுவர். பரப்பளவுகள்: தகடு 2.4 சதுர மீட்டர், காலித் தரை 1.6, இரண்டும் சேர்ந்து 4.0. கீழ்ப்பட்டை 1.2, ஹீட்டர் 1.2, சேர்ந்து 2.4.

இப்போது வரைபடம். செங்குத்துச் செவ்வகங்களுக்கான வரைபடம் வெப்பப் பரிமாற்றப் பாடநூல்கள் பலவற்றிலும் இருக்கிறது. அது ஒரே ஒரு அமைப்புக்குத்தான் வரையப்பட்டது: இரண்டு செவ்வகங்களும் ஒரு விளிம்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், அந்த விளிம்பு இரண்டுக்கும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். அந்தப் பொது விளிம்பு X. கதிர்வீசும் செவ்வகம் மூலையிலிருந்து எவ்வளவு தூரம் நீள்கிறதோ அது Y, வாங்கிக்கொள்ளும் செவ்வகம் நீள்வது Z. கீழ் அச்சில் Z/X, மடக்கை அளவில். ஒவ்வொரு Y/X-க்கும் ஒரு வளைகோடு. இடது அச்சில் பார்வைக் காரணி F, பூஜ்ஜியத்திலிருந்து 0.5 வரை.

எழுத்துகள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், அதனால் எது Y எது Z என்று மனப்பாடம் பண்ணுவதை விட வளைகோடுகளைப் பார்த்தே கண்டுபிடிப்பது நல்லது. மூலையை ஒட்டிய ஒரு மெல்லிய தரைப்பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அது பார்க்கும் வானத்தில் கிட்டத்தட்ட பாதியை அந்தச் சுவரே அடைத்துக்கொள்கிறது. ஆகவே கதிர்வீசும் பக்கத்தின் நீட்சி சின்னதாக இருந்தால் F பெரிதாக இருக்கும், ஆனால் 0.5-ஐத் தாண்டாது. மேலே கிடக்கும் வளைகோடுகளின் எண் சின்னதாக இருந்தால் அந்த எண் கதிர்வீசும் பக்கத்துக்கு உரியது. இதை ஒருமுறை பார்த்துக்கொண்டால் அச்சு மாறிப் படிக்கும் பிழை வராது.

நம்ம தகடும் ஹீட்டரும் மூலையைத் தொடவே இல்லை. ஆகவே F(1→4)-ஐ நேராகப் படிக்க முடியாது. ஆனால் மூலையைத் தொடும் செவ்வகங்கள் நான்கு ஜோடி கிடைக்கின்றன: 12-க்கும் 34-க்கும், 12-க்கும் 3-க்கும், 2-க்கும் 34-க்கும், 2-க்கும் 3-க்கும். இவற்றிலிருந்து கூட்டிக் கழித்து 1→4-ஐ வெளியே எடுக்க வேண்டும்.

தம்பி படித்த எண்கள் இவை:

F(12→34) = 0.16 (Y/X = 1.0, Z/X = 0.6)
F(12→3) = 0.11 (Y/X = 1.0, Z/X = 0.3)
F(2→34) = 0.29 (Y/X = 0.4, Z/X = 0.6)
F(2→3) = 0.22 (Y/X = 0.4, Z/X = 0.3)

அவருடைய முதல் படி சரியானது. முழுத் தரையிலிருந்து சுவருக்குப் போவதில் கீழ்ப்பட்டைக்குப் போவதைக் கழித்தால் மிச்சம் ஹீட்டருக்குப் போவது. F(12→4) = 0.16 − 0.11 = 0.05. அதேபோல F(2→4) = 0.29 − 0.22 = 0.07. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்து "முழுத் தரை கழித்தல் காலித் தரை, மிச்சம் தகடு" என்று F(1→4) = 0.05 − 0.07 = −0.02 என்று எழுதியிருந்தார். இங்கேதான் வழுக்கியது.

இந்தப் பிழை மிகவும் இயல்பாக வருவதற்குக் காரணம், முதல் படியில் செய்த அதே வேலையைத்தான் இரண்டாம் படியிலும் செய்வதுபோலத் தோன்றுவது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. F(2→34) என்பது காலித் தரையிலிருந்து கிளம்பிய நூறு பங்கில் சுவருக்கு எத்தனை என்பது. வாங்குகிற சுவரை இரண்டாக வெட்டினால் அந்த நூறு பங்கு மாறுவதில்லை, அதே நூறில் 22 பங்கு கீழே விழுந்தது, 7 பங்கு ஹீட்டரில் விழுந்தது, ஆக 29. எனவே அம்பின் வலப்பக்கத்தில் கூட்டலும் கழித்தலும் நேராக நடக்கும்.

அம்பின் இடப்பக்கத்தை வெட்டினால் கதை வேறு. முழுத் தரையின் நூறு பங்கு வேறு, தகட்டின் நூறு பங்கு வேறு. தகடு 2.4 சதுர மீட்டர், காலித் தரை 1.6, ஒவ்வொன்றும் தன் பரப்புக்கு ஏற்ப வீசுகிறது. முழுத் தரையின் F என்பது இந்த இரண்டின் சராசரி, பரப்பளவு எடையோடு. ஒரு வகுப்பில் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன, தேர்ச்சி விகிதம் ஒன்றில் 70 சதவீதம், இன்னொன்றில் 50 என்றால் முழு வகுப்பின் தேர்ச்சி 120 சதவீதம் என்று யாரும் சொல்ல மாட்டோம். இதுவும் அதேதான். சராசரி எப்போதும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும், ஆகவே F(12→4) = 0.05, F(2→4) = 0.07 என்றாலே F(1→4) 0.05-க்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடாமலேயே தெரிந்துவிடும். காலித் தரை மூலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஹீட்டரை நன்றாகப் பார்க்கிறது, தகடு தள்ளி இருப்பதால் குறைவாகப் பார்க்கிறது. சரியாகத்தான் இருக்கிறது.

இந்த முறை மைனஸ் வந்ததால் மாட்டிக்கொண்டது. தகடு காலித் தரையை விட ரொம்பப் பெரியதாக இருந்திருந்தாலோ, ஹீட்டர் வேறு உயரத்தில் இருந்திருந்தாலோ வேறு எண் வந்திருக்கலாம், இல்லை வேறு ஒருவர் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கலாம். அப்போது நம்பும்படியான ஒரு கூட்டல் எண் வந்து உட்கார்ந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மைனஸ் வந்தது அவர் அதிர்ஷ்டம்.

அதனால் நான் இப்போதெல்லாம் F-ஐத் தனியாக எழுதுவதே இல்லை. பரப்போடு பெருக்கி AF என்றுதான் எழுதுகிறேன். அதன் அலகு சதுர மீட்டர். அதற்கு இரண்டு நல்ல குணங்கள் உண்டு. ஒன்று, A₁F(1→4) = A₄F(4→1), அதாவது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே எண், ரெசிப்ராசிட்டி என்று பாடத்தில் வருவது இதுதான். இரண்டு, அம்பின் இரண்டு பக்கமும் நேராகக் கூட்டலாம், நேராகக் கழிக்கலாம். எடை போட வேண்டிய வேலையை A முன்கூட்டியே செய்துவிட்டது. இப்படி எழுதினால் நம்ம கணக்கு இப்படி ஆகிறது:

A₁F(1→4) = A₁₂F(12→34) − A₁₂F(12→3) − A₂F(2→34) + A₂F(2→3)

கடைசியில் கூட்டல் குறி ஏன் என்றால், 2-க்கும் 3-க்கும் நடுவிலான பரிமாற்றத்தை இரண்டு முறை கழித்துவிட்டோம், ஒருமுறை கீழ்ப்பட்டையை எடுக்கும்போது, இன்னொரு முறை காலித் தரையை எடுக்கும்போது. அதில் ஒன்றைத் திருப்பித் தருகிறோம்.

எண்களைப் போட்டால்: 4.0 × 0.16 = 0.640. 4.0 × 0.11 = 0.440. 1.6 × 0.29 = 0.464. 1.6 × 0.22 = 0.352. ஆக 0.640 − 0.440 − 0.464 + 0.352 = 0.088 சதுர மீட்டர். தகட்டின் பரப்பால் வகுத்தால் F(1→4) = 0.037. கூட்டல் எண், 0.05-க்குக் கீழே, எல்லாம் சரி. தம்பிக்கு அதைச் சொல்லிவிட்டு, கரும்பரப்பு என்று வைத்து வாட் கணக்கும் போட்டோம். 800 K-க்கு σT⁴ சுமார் 23,220 W/m², 300 K-க்கு சுமார் 460, வித்தியாசம் 22,760. அதை 0.088-ஆல் பெருக்கினால் 2.0 கிலோவாட்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் கழித்தல் இவ்வளவு இருக்கும் கணக்கை நான் வரைபடத்தோடு விடுவதில்லை, ஒருமுறை சூத்திரத்திலும் போட்டுப் பார்ப்பேன். போட்டதில் A₁F(1→4) = 0.1135 என்று வந்தது. F(1→4) = 0.0473. வாட்டில் 2.58 கிலோவாட். நம்ம எண் 22 சதவீதம் குறைவு, 580 வாட் காணாமல் போயிருக்கிறது.

எந்த எண்ணைத் தப்பாகப் படித்தார் என்று தேடினால் ஒன்றுகூட இல்லை. சூத்திரப்படி நான்கும் 0.1614, 0.1051, 0.2881, 0.2184. இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் 0.16, 0.11, 0.29, 0.22. தம்பி படித்தது அப்படியே. ஒரு மில்லிமீட்டர் பிசகாமல், மனிதக் கண்ணால் அந்த வரைபடத்தில் எவ்வளவு நன்றாகப் படிக்க முடியுமோ அவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறார். தனித்தனியாக எடுத்தால் அதிகபட்சப் பிழை 5 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் விடையில் 22.

நடந்தது இதுதான். 0.64 என்ற பெரிய எண்ணிலிருந்து கழித்துக் கழித்து 0.11 என்ற சின்ன எண்ணுக்கு வருகிறோம். எண் சின்னதாகிவிட்டது, ஆனால் படிக்கும்போது சேர்ந்த பிழைகள் சின்னதாகவில்லை, அப்படியே விடையோடு வருகின்றன. முழுத் தரை 4 சதுர மீட்டர் என்பதால் F-இல் 0.005 பிசகினால் AF-இல் 0.02 பிசகும். நம்ம விடையே 0.11 தான். F(12→3)-ஐ 0.1051-க்குப் பதில் 0.11 என்று படித்ததால் மட்டும் 0.0195 போயிற்று. F(12→34)-இல் 0.0055 போயிற்று. இரண்டும் ஒரே திசையில் இழுத்ததுதான் கஷ்டம், முதலாவதைக் குறைத்துப் படித்தோம், கழிக்க வேண்டியதைக் கூட்டிப் படித்தோம். நான்கு எண்ணிலும் 0.005 வரை பிசகலாம், எல்லாம் ஒரே திசையில் போகலாம் என்று மோசமான நிலையை எடுத்தால் (4 + 4 + 1.6 + 1.6) × 0.005 = 0.056. விடையில் பாதி! கையில் இருப்பது 0.088 அல்ல, 0.03-க்கும் 0.14-க்கும் நடுவில் எங்கோ ஒன்று என்பதுதான் உண்மை நிலை.

தகடு மூலையிலிருந்து தள்ளிப் போகப் போக, ஹீட்டர் மேலே போகப் போக இது இன்னும் மோசமாகும். ஏனென்றால் கழிக்கிற பகுதிகள் பெரிதாகின்றன, மிச்சம் சின்னதாகிறது. மூலையை ஒட்டிய ஹீட்டர், தள்ளிய தகடு என்றால் இரண்டே எண்தான், ஒரே கழித்தல்தான், அங்கே வரைபடம் போதும். இரண்டும் தள்ளி இருந்தால் எனக்கு வரைபடத்தின் மேல் நம்பிக்கை இல்லை.

சரி, கையில் வரைபடம் மட்டும்தான் இருக்கிறது, தேர்வறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்றால் என்ன செய்வது? ஒரு வழி இருக்கிறது, இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். AF இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்றோமே, அப்படியானால் எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்பது நம்ம விருப்பம். F-ஐப் படிக்கும் பிழை எந்தப் பக்கமும் ஏறத்தாழ அதே 0.005. ஆனால் அதைப் பெருக்கும் A சின்னதாக இருந்தால் AF-இன் பிழையும் சின்னது. ஆகவே ஒவ்வொரு ஜோடியிலும் சின்னப் பரப்பிலிருந்து பெரிய பரப்புக்குப் படிக்க வேண்டும்.

12–34 ஜோடியில் சுவர் சின்னது, 2.4. Y/X = 0.6, Z/X = 1.0 வைத்துப் படித்தால் F(34→12) = 0.27, AF = 0.648. 12–3 ஜோடியில் கீழ்ப்பட்டை 1.2 தான். Y/X = 0.3 வளைகோடு பல வரைபடங்களில் இருக்காது, பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே கண்ணால் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதுவே ஒரு சின்னப் பிழைக்கு இடம். ஒழுங்காக வைத்தால் F(3→12) = 0.35, AF = 0.420. 2–34 ஜோடியில் காலித் தரை சின்னது, பழைய எண்ணே போதும், 0.464. 2–3 ஜோடியில் கீழ்ப்பட்டை சின்னது, F(3→2) = 0.29, AF = 0.348.

0.648 − 0.420 − 0.464 + 0.348 = 0.112. சூத்திரத்தின் 0.1135-க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. அதே வரைபடம், அதே கண், அதே இரண்டு தசம இடம். இவ்வளவு கிட்டத்தில் வந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். மோசமான நிலைக் கணக்கு இப்போது (2.4 + 1.2 + 1.6 + 1.2) × 0.005 = 0.032, அதாவது இன்னமும் 28 சதவீதம் வரை தப்பு வர வாய்ப்பு இருக்கிறது. ஆனால் முன்பு அது 50. ஒரு பைசா செலவில்லாமல் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது.

இன்னொரு உபயோகமும் உண்டு. ஒரே ஜோடியை இரண்டு பக்கமும் படித்து AF-களை ஒப்பிட்டால் அச்சை மாற்றிப் படித்திருந்தால் உடனே தெரியும். இங்கே 0.640-உம் 0.648-உம் வந்தன, 0.440-உம் 0.420-உம் வந்தன. இவ்வளவு வித்தியாசம் படிக்கும் பிழைதான். ஒன்று மற்றதைப் போல ஒன்றரை மடங்கு வந்தால் Y, Z மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

கணினி கையில் இருந்தால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். வரைபடமே ஒரு மூடிய சூத்திரத்திலிருந்து வரைந்ததுதான். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், அடிக்க ஐந்து நிமிடம்:

```python
from math import atan, log, pi, sqrt

def G(W, H):
    w, h = W*W, H*H
    r = w + h
    s = W*atan(1/W) + H*atan(1/H) - sqrt(r)*atan(1/sqrt(r))
    t = log((1+w)*(1+h)/(1+r))
    t += w*log(w*(1+r)/((1+w)*r))
    t += h*log(h*(1+r)/((1+h)*r))
    return (s + t/4)/pi

X = 2.0
AF = X*X*(G(1,.6) - G(1,.3) - G(.4,.6) + G(.4,.3))
print(AF, AF/2.4)
```

இதில் W = Y/X, H = Z/X. புத்தகத்தில் உள்ள F வேண்டுமானால் `G(W,H)/W`. நான் வேண்டுமென்றே அந்த W-ஆல் வகுக்காமல் விட்டிருக்கிறேன், ஏனென்றால் G-ஐ X²-ஆல் பெருக்கினால் நேராக AF கிடைத்துவிடும், W-ஐயும் H-ஐயும் மாற்றிப் போட்டாலும் விடை மாறாது. அச்சு மாறும் பிழைக்கே இடமில்லை. அடித்து முடித்ததும் முதலில் `G(1,1)` போட்டுப் பாருங்கள், 0.2000 வர வேண்டும். கனசதுரத்தின் ஒரு முகத்திலிருந்து பக்கத்து முகத்துக்கு உள்ள எண் அது. பக்கத்து முகங்கள் நான்கு, எதிர் முகத்துக்கு 0.1998, எல்லாம் கூட்டினால் 1. அடைப்புக்குறி ஒன்று இடம் மாறியிருந்தாலும் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

சூத்திரம் கைக்கு வந்ததும் தம்பிக்கு அடுத்த கேள்வி வந்தது, நல்ல கேள்வி. தகடு 1.2 மீட்டர் ஆழம், அதன் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு வாங்குமா? F(1→4) = 0.0473 என்பது தகடு முழுவதற்குமான சராசரி, உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. ஆனால் அதே கூட்டல் விதியால் தகட்டையும் வெட்டலாம். தகட்டை நடுவில், மூலையிலிருந்து 1.4 மீட்டரில் வெட்டினால் Y/X = 0.7 என்று ஒரே ஒரு புதிய எல்லைதான் சேர்கிறது. போட்டுப் பார்த்தால் முன்பாதிக்கு F = 0.062, பின்பாதிக்கு 0.033. முன்பாதிக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 1,400 வாட், பின்பாதிக்கு 750 வாட். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்! மொத்த வாட்டைச் சரியாகக் கண்டுபிடித்து, அதைத் தகடு முழுக்கச் சமமாகப் பரப்பி, எத்தனை நிமிடத்தில் சூடாகும் என்று சொல்லியிருந்தால் முன்விளிம்பு பொசுங்கும், பின்விளிம்பு காத்திருக்கும். வரைபடத்தை வைத்து இந்தப் பிளவைச் செய்ய முயன்றால் அது நடக்காது. பின்பாதியின் AF வெறும் 0.039, வரைபடத்தின் பிழை அதை முழுங்கிவிடும்.

இந்த எண்கள் எல்லாம் எதைச் சேர்க்கவில்லை என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். இது ஹீட்டரும் தகடும் கரும்பரப்பு என்று வைத்துப் போட்ட நேரடிப் பரிமாற்றம் மட்டும். காப்புச் செங்கல் சூடாகித் திருப்பி வீசுவது, மேற்கூரையில் பட்டு வருவது, காற்றால் வருவது எதுவும் இதில் இல்லை. பார்வைக் காரணி வடிவம் பற்றிய எண் மட்டுமே. அதுவும் பரப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி, தன் பரப்பு முழுக்க ஒரே அளவில் வீசுகிறது என்ற நிபந்தனையோடு. ஹீட்டருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு தாங்கியோ குழாயோ வந்தால் இந்த வரைபடமும் சூத்திரமும் இரண்டுமே செல்லாது.

கடைசியாக ஒன்று. இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஒரு கணக்கு வந்தது. ஹீட்டரின் இடப்பாதி மட்டும் எரிந்தால் தகட்டுக்கு எவ்வளவு? அவர் எல்லாவற்றிலும் X = 1 என்று மாற்றி மறுபடி கணக்குப் போட்டிருந்தார். அது தேவையே இல்லை. தகடு முழு அகலத்துக்கு இருக்கிறது, ஹீட்டரின் இடப்பாதியும் வலப்பாதியும் அதற்குக் கண்ணாடிப் பிம்பங்கள், ஆகவே AF சரிபாதி, 0.0568, அவ்வளவுதான். X = 1 வைத்து அவர் கண்டுபிடித்தது தகட்டின் இடப்பாதியிலிருந்து ஹீட்டரின் இடப்பாதிக்கு உள்ள AF. அது வேறு கேள்விக்கு விடை. தகட்டின் வலப்பாதியிலிருந்து குறுக்காக எரியும் பக்கத்துக்கு வருவதை அது விட்டுவிட்டது. அந்தக் குறுக்குப் பங்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் 0.0568-இலிருந்து X = 1 வைத்துச் சரியாகப் போட்ட எண்ணைக் கழித்தால் போதும், அதற்குத் தனி வரைபடம் தேட வேண்டியதில்லை. அந்த X = 1 கணக்கில் விகிதங்களை மாற்றியிருக்கிறாரா என்று மட்டும் பார்த்தேன். அகலம் பாதியானால் Y/X, Z/X எல்லாம் இரட்டிப்பாகும், 0.4 என்பது 0.8, 0.6 என்பது 1.2. தரைப் பக்கத்தில் மாற்றியிருந்தார். சுவர்ப் பக்கத்தில் பழைய 0.3-உம் 0.6-உம் அப்படியே கிடந்தன.